மெயிலுக்குள் திறந்த பக்கம்

அந்த மெயில் வந்தபோது ஒரு பெரியவரின் கையில் ரப்பர் பட்டையைக் கட்டி நரம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வலங்கைமானில் ஒரு சின்ன கிளினிக்கில் லேப் டெக்னீஷியன் வேலை எனக்கு. வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டேன். மெயில் சத்தத்துக்கு மட்டும் என்னால் காதை மூட முடியாது. தத்தெடுக்கப் பதிவு செய்த நாளிலிருந்து அப்படித்தான். கடைக்காரர்களின் தள்ளுபடி விளம்பரம், மின் கட்டண நினைவூட்டல் என்று எது வந்தாலும் நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போடும். பார்த்துவிட்டு மூடிவைப்பேன். இப்படியே வருஷங்கள் போயிருந்தன.

அன்றைக்கு வந்தது விளம்பரம் இல்லை. 'உங்களுக்கு ஒரு குழந்தையின் விவரம் அனுப்பப்பட்டுள்ளது' என்று முதல் வரியிலேயே இருந்தது. இரண்டு நாளுக்குள் இணையதளத்தில் நுழைந்து விவரங்களைப் பார்த்து, சம்மதமா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் குழந்தை வரிசையில் அடுத்தவர்களுக்குப் போய்விடும். கீழே நீல எழுத்தில் ஒரு லிங்க்.

பெரியவரிடம், "கொஞ்சம் இருங்கய்யா" என்று சொல்லிவிட்டு மருந்து அலமாரிக்குப் பின்னால் போனேன். பட்டையை அவிழ்க்காமல் போய்விட்டேன் என்பது அவர் குரல் கொடுத்த பிறகுதான் தெரிந்தது. திரும்பி வந்து அவிழ்த்து, மன்னிப்புக் கேட்டு, ரத்தம் எடுத்து முடித்து, மறுபடி அலமாரிக்குப் பின்னால் ஓடினேன்.

லிங்கைத் தொட்டேன். பக்கம் வந்தது. பெயர், பாஸ்வேர்டு போட்டதும் ஓடிபி கேட்டது. பதிவு செய்யும்போது மெயில் என்னுடையது, போன் நம்பர் என் கணவருடையது என்று கொடுத்திருந்தோம். அவர் அப்போது கொள்முதல் நிலையத்தில் இருந்தார். சம்பா அறுத்து, நெல்லைக் கொண்டுபோய்க் குவித்து, ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டதால் தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்துக் காத்துக்கிடந்தார். வானம் வேறு மூடியிருந்தது.

அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, ஓடிபி வந்திருக்கா பாருங்க."

"என்ன ஓடிபி?"

"வந்திருச்சுங்க. குழந்தை. மெயில் வந்திருக்கு."

அந்தப் பக்கம் தராசுக்காரர் யாரையோ திட்டுவது மட்டும் கேட்டது. பிறகு, "இரு, இரு, பாக்கறேன்" என்றார். எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் பேசிக்கொண்டே மெயிலுக்குத் திரும்பினால் பக்கம் முதலிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. பெயர் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, வெறும் கட்டங்கள். மறுபடி எல்லாவற்றையும் போட்டேன். புது ஓடிபி போனது. அங்கே சிக்னல் சரியில்லை. புதியது வந்து சேருவதற்குள் அவர் பழையதையே திரும்பச் சொன்னார். 'தவறான ஓடிபி' என்றது. மறுபடியும் அதே கதை. கடைசியில், பலமுறை தவறாக முயன்றதால் சிறிது நேரம் கழித்து வரவும் என்று சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது.

பழைய போனில் இப்படி நடந்ததே இல்லை. அதே இணையதளத்துக்குள் எத்தனையோ முறை போய் எங்கள் வரிசை எண்ணைப் பார்த்திருக்கிறேன். தீபாவளிக்குத்தான் போன் மாற்றியிருந்தேன். கடையில் இருந்தவர் என் மெயிலை அந்த போனோடு வந்த மெயில் ஆப்பில் போட்டுக் கொடுத்திருந்தார். மெயில் வருகிறதல்லவா, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் அவசரம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். குழந்தைகள் டாக்டர் அவர். சாயங்காலம்தான் அவருக்குக் கூட்டம். எதற்கு அவசரம் என்று கேட்கவில்லை. எங்கள் விஷயம் ஊரில் தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நான் பக்கத்தை விட்டு வெளியே வரவேண்டியதில்லை என்பது என் கணக்கு. குடமுருட்டிப் பாலம் தாண்டும்போதே தூற்றல் விழுந்தது. கொள்முதல் நிலையத்துக்குள் நுழைந்தபோது அவர் நெல்லைக் குவித்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தேன். குவியலை மூடி, ஓரங்களில் மூட்டைகளைத் தூக்கிவைத்து, இரண்டு பேரும் மூச்சிரைக்க சாக்கு அடுக்கும் கொட்டகைக்குள் போய் நின்றோம். அவர் கை முழுக்க நெல் சுணை. சட்டையில் துடைத்துக்கொண்டே, "எங்க, காட்டு" என்றார்.

இந்த முறை உள்ளே போய்விட்டோம். முதலில் குழந்தையின் படம்தான் வந்தது. மெதுவாக, மேலிருந்து கீழாக. தலைமுடி, நெற்றி, பிறகு கண். பெண் குழந்தை. எட்டு மாதம். யாரோ பின்னாலிருந்து உட்காரவைத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்தக் கை மட்டும் தெரிகிறது. குழந்தை படமெடுப்பவரைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது. முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. எதையோ விசாரித்துக்கொண்டிருக்கிற மாதிரி ஒரு முகம்.

அவர் கொட்டகைக்கு வெளியே போய் மழையில் நின்றுவிட்டு மறுபடி உள்ளே வந்தார்.

படத்துக்குக் கீழே இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று குழந்தையைப் பற்றிய அறிக்கை. இன்னொன்று மருத்துவ அறிக்கை. அதற்கும் கீழே இரண்டு பட்டன்கள், சம்மதம் ஒன்று, மறுப்பு ஒன்று.

மருத்துவ அறிக்கையைத் தொட்டேன். எழுத்து ஒரு நொடி மங்கியது, பிறகு பழையபடி ஆகிவிட்டது. எதுவும் திறக்கவில்லை. மறுபடி தொட்டேன். அழுத்திப் பிடித்தேன். இன்னொரு அறிக்கையையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படியே.

"என்ன ஆச்சு?"

"ரிப்போர்ட் தெறக்க மாட்டேங்குது."

"மழைக்கு நெட்டு இழுக்குதோ என்னவோ."

"நெட்டு இல்லாமயா படம் வந்துச்சு?"

நாள் முழுக்க அடுத்தவர்களின் ரிப்போர்ட்டைத் தட்டச்சு செய்பவள் நான். ஒரு ரிப்போர்ட் ஏன் கைக்கு வராமல் இருக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்த காரணங்கள் எதுவுமே நல்ல காரணங்கள் இல்லை. எங்கள் லேபில், டாக்டர் நேரில் சொல்லட்டும் என்று நாங்கள் எடுத்துவைக்கிற கவர்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒருவேளை வேண்டுமென்றே மூடிவைத்திருக்கிறார்களோ? முதலில் சம்மதம் சொன்னால்தான் காட்டுவார்களோ? இதை அவரிடம் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"காட்டலன்னா என்ன இப்ப? குழந்தையைப் பாத்துட்டோம்ல."

"படத்துல என்னங்க தெரியும்? உள்ள என்ன இருக்குன்னு தெரிய வேணாமா?"

"நமக்கே பொறந்திருந்தா ரிப்போர்ட் பாத்துட்டா தூக்கியிருப்ப?"

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு அங்கே நின்று பதில் சொல்லவும் முடியாது. மூட்டை தைப்பவர்கள் பக்கத்தில் இருந்தார்கள். "டாக்டரம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கறேன்" என்று சொல்லி, பக்கம் மூடிவிடக் கூடாதே என்று என் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே தார்ப்பாய் ஓரமாகப் போனேன்.

டாக்டரம்மா, "ரிப்போர்ட் கண்டிப்பா இருக்கும்மா. அதப் பாக்காம எதுவும் சொல்லாதீங்க. வாங்கிக்கிட்டு வாங்க, நான் பாக்கறேன்" என்றார்.

திரும்பி வந்தபோது என் கணவர் குனிந்து நின்று ஆள்காட்டி விரலால் திரையைக் குத்திக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அவர் விரல் இருந்தது சம்மதம் என்ற பட்டன் மேல்.

"என்ன பண்றீங்க?"

நிமிர்ந்தார். மறைக்கவில்லை. "அமுக்குறேன்."

"என்னைக் கேக்காமயா?"

"ரெண்டு நாள்ல போயிடும்னு நீதான சொன்ன. நெட்டு இப்படி இருக்கு, நெல்லு இப்படிக் கெடக்கு. வேற யாராவது கொண்டு போயிட்டா?"

"எத்தனை தடவ அமுக்குனீங்க?"

"அது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதான் திரும்பத் திரும்ப அமுக்குறேன்."

போனைப் பிடுங்கினேன். பக்கம் அப்படியே இருந்தது. நன்றி என்றோ, பதிவாகிவிட்டது என்றோ ஒரு வார்த்தை இல்லை. பட்டனும் நிறம் மாறவில்லை. போய்விட்டதா, போகவில்லையா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. போயிருந்தால், எதற்குச் சரி என்று சொன்னோம் என்று தெரியாமல் சொல்லியிருக்கிறோம். போகவில்லை என்றால், அறிக்கையும் திறக்காது, பட்டனும் வேலை செய்யாது, நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டில் எது நடந்திருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பது எனக்கு இன்றுவரை தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டு நிலைமையைப் பார்த்து அறிக்கை எழுத வந்த சமூகப் பணியாளர் ஒருவரின் நம்பர் என் கணவரின் போனில் இருந்தது. அந்த அம்மாள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்ட கேள்விகளுக்கு நாங்கள் பரீட்சை எழுதுகிற மாதிரிதான் பதில் சொல்லியிருந்தோம். இவரிடமா இப்போது போன் பண்ணி, புருஷன் என்னைக் கேட்காமல் பட்டனை அமுக்கிவிட்டார் என்று சொல்வது? கொஞ்ச நேரம் கொட்டகைக்குள்ளேயே நடந்தேன். பிறகு வேறு வழியில்லாமல் கூப்பிட்டேன்.

அவர் பஸ்ஸில் இருந்தார். நான் கடகடவென்று சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஒரு நிமிஷம். லிங்க எங்கேருந்து தெறந்தீங்க?" என்றார்.

"மெயில்லேருந்து."

"இப்ப ஸ்கிரீனுக்கு மேல வெப்சைட் அட்ரஸ் தெரியுதா?"

பார்த்தேன். இடது மூலையில் ஒரு சின்னப் பெருக்கல் குறி, நடுவில் ஒரு தலைப்பு, வலது மூலையில் மூன்று புள்ளி. அட்ரஸ் என்று எதுவும் இல்லை. சொன்னேன்.

"அது பிரவுசரே இல்லீங்க. உங்க மெயில் ஆப் தனக்குள்ளேயே ஒரு சின்ன ஜன்னல் தெறந்து காட்டுது. படம், எழுத்து எல்லாம் தெரியும். ஆனா ரிப்போர்ட் தனி ஜன்னல்ல தெறக்கணும், அது அதுக்குத் தெரியாது. சம்மதம் அமுக்கினா, நிச்சயமான்னு கேட்டு ஒரு பெட்டி வரும். அதையும் அது காட்டாது. போன மாசம் ஒரு குடும்பம் இதே மாதிரி அழுதாங்க."

"அப்ப இவர் அமுக்குனது?"

"அந்தப் பெட்டில சரின்னு சொல்லாம எதுவும் பதிவாகாது. இருந்தாலும் நீங்களே நேரா பிரவுசர்ல போய்ப் பாத்துடுங்க. வெப்சைட் அட்ரஸ நீங்களே டைப் பண்ணுங்க, மெயில்லேருந்து போகாதீங்க." வைப்பதற்கு முன்னால், "ரெண்டு பேரும் ரிப்போர்ட்டப் படிச்சுட்டு, சேந்து முடிவு பண்ணுங்க" என்றார். 'சேந்து' என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. அழுத்தாமலும் இருந்திருக்கலாம்.

அவசரத்தில் அவர் சொன்னபடி கேட்கவில்லை. கண்ணெதிரே மூன்று புள்ளி இருந்தது. அதைத் தொட்டதும் 'பிரவுசரில் திற' என்று வந்தது. அதையே தொட்டேன். திறந்தது நான் வழக்கமாகப் பயன்படுத்தும் பிரவுசர் இல்லை. போனோடு வந்த வேறொன்று. போன் வாங்கிய புதிதில், எதில் திறக்கட்டும் என்று அது கேட்டபோது, எதையோ பார்த்துக்கொண்டு 'எப்போதும்' என்று தட்டிவிட்டிருப்பேன் போல. அதற்கு என்னைத் தெரியாது. மறுபடி பெயர், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓடிபி. பொறுமையாகப் போட்டேன். அறிக்கையைத் தொட்டேன். இந்த முறை அடியில் மெல்லிய பட்டை ஒன்று மின்னியது: 'பாப்-அப் தடுக்கப்பட்டது.' படித்து முடிப்பதற்குள் மறைந்துவிட்டது. விளம்பரங்களைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு அது என் குழந்தையின் ரிப்போர்ட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது.

ஆனால் அந்தப் பட்டையைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. திறக்கவேண்டிய இடத்தில் திறக்கவில்லை, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் மூடினேன். என் பழைய பிரவுசரைத் தேடி எடுத்து, மெயிலில் இருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து அட்ரஸை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். உள்ளே போனேன். அதே படம். இப்போது மேலே அட்ரஸ் தெரிந்தது. சம்மதம் பதிவாகவில்லை, 'பதிலுக்காகக் காத்திருக்கிறது' என்று இருந்தது. என் கணவர் எட்டிப் படித்துவிட்டு, ஏமாற்றமா நிம்மதியா என்று தெரியாத மாதிரி, "ம்" என்றார்.

மருத்துவ அறிக்கையைத் தொட்டேன். திறந்தது.

கொட்டகையில் சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்து படித்தேன். எடை வயதுக்குக் குறைவு. ஹீமோகுளோபின் குறைவு, ஆனால் எங்கள் லேபுக்கு வருகிற குழந்தைகளில் பாதிக்கு அப்படித்தான். தைராய்டு சரி. தொற்று நோய்களுக்கு நேரே எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. கடைசிப் பக்கத்தில் இதய எக்கோ. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவில் சிறிய துவாரம். தொடர்ந்து பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

"என்னம்மா?" என்றார் அவர்.

"இதயத்துல சின்னதா ஒரு ஓட்டை இருக்காம்."

அவர் சாக்குக் கட்டின் இன்னொரு ஓரத்தில் உட்கார்ந்தார். மழை விட்டிருந்தது. தார்ப்பாய் மேல் தேங்கிய தண்ணீரை யாராவது தள்ளிவிட வேண்டும்; இரண்டு பேருமே எழுந்திருக்கவில்லை.

சாயங்காலம் டாக்டரம்மா எல்லாப் பக்கங்களையும் படித்தார். "இந்த அளவுன்னா நெறைய குழந்தைகளுக்குத் தானா மூடிக்கும். மூடலன்னாலும் வைத்தியம் இருக்கு. ஆனா மூடும்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. எடுங்கன்னோ வேணாம்னோ நான் சொல்ல மாட்டேன்" என்றார். வெளியே இருமிக்கொண்டிருந்த குழந்தையை உள்ளே அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்த பிறகும் எங்களால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அவர் கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் போனை எடுத்து அமைப்புகளுக்குள் போய், எல்லா லிங்க்கும் இனி என் பிரவுசரிலேயே திறக்கும்படி மாற்றினேன். அந்த மெயில் ஆப்பிலிருந்து என் கணக்கை எடுத்து வேறொன்றில் போட்டு, ஆப்புக்குள்ளேயே திறக்கிற வசதியையும் அணைத்தேன். செய்ய வேறெதுவும் இல்லை என்பதால் அதையே இரண்டு முறை சரிபார்த்தேன்.

சாப்பிடும்போது அவர்தான் பேச்சை எடுத்தார்.

"ஓட்டைன்னு தெரிஞ்சிருந்தாலும் நான் அமுக்கித்தான் இருப்பேன்."

"தெரியும். அதுவா என் கோவம்?"

"பின்ன?"

"தெரிஞ்சுக்காம அமுக்குனீங்க பாருங்க. நான் வெளிய நிக்கும்போது அமுக்குனீங்க. அது."

அவர் தட்டைப் பார்த்தபடி, "படத்தைப் பாத்ததும் எனக்கு ஒண்ணும் ஓடல. வேற யாராவது இதே படத்தைப் பாத்துக்கிட்டு இருப்பாங்களோன்னு இருந்துச்சு" என்றார். அது தப்பு என்றோ, இனி செய்யமாட்டேன் என்றோ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அவர் கொள்முதல் நிலையத்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தோம். நான் உள்ளே போய் மறுபடியும் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து, எக்கோ பக்கத்தை அவருக்குப் புரிகிற மாதிரி சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். ஓட்டையின் அளவைச் சொன்னபோது தன் சுண்டுவிரல் நகத்தைப் பார்த்தார். அதைவிடச் சின்னது என்றேன்.

"இப்ப நீ சொல்லு" என்றார்.

"நானும் சரிங்கறேன்."

சம்மதத்தைத் தொட்டேன். உடனே திரையின் நடுவில் ஒரு பெட்டி எழுந்தது. நிச்சயமாகவா என்று கேட்டது. நேற்று முழுக்க வராமல் போன கேள்வி. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையை நீட்டவில்லை. ஆம் என்பதைத் தொட்டேன். அவர் சட்டைப் பையில் போன் சிணுங்கியது. பதிவாகிவிட்டது என்ற செய்தியை எடுத்துப் படித்துவிட்டு, படித்ததையே மறுபடி படித்தார். அன்றைக்கு நெல் காய்ந்திருந்தது; எடை போட்டுவிட்டார்கள் என்று மத்தியானம் சொன்னார். நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

சில நாள் கழித்து, குழந்தைகள் இல்லத்தில் ஆயா குழந்தையைத் தூக்கிவந்தபோது யார் வாங்குவது என்று தெரியாமல் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அவள் யாரிடமும் வரவில்லை. ஆயாவின் தோளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அடுத்த முறை போனபோதும் அழுதாள். காரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுது, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது, கடந்துபோன ரயிலைப் பார்த்து அழுகையை நிறுத்தினாள். ரயில் போன பிறகு மறுபடி தொடங்கினாள்.

ஊரில் கேள்விகள் வந்தன. யார் பெற்றது, என்ன ஆட்கள் என்று கேட்டவர்களுக்கு என் கணவர் ஒரே பதிலைச் சொன்னார்: "எங்களுது." சிலர் அதோடு விட்டார்கள். விடாதவர்கள் வீட்டுப் பக்கம் நான் போவதில்லை.

இப்போது அவளுக்கு நடக்கத் தெரிகிறது. போன வாரம் தஞ்சாவூரில் எக்கோ எடுக்கப் போனோம். முந்தைய முறையைவிட ஓட்டை சின்னதாகியிருக்கிறது, முழுக்க மூடவில்லை. ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார்கள். முறை வரும்வரை அந்தத் தாழ்வாரத்தில் அவள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். பின்னாலேயே அவர் ஓடினார். நான் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்காரப் பார்த்தேன், முடியவில்லை. எழுந்து அவர்கள் பின்னால் நானும் நடந்தேன்.